பி.இ.டி. சாரின் குறிப்பிலிருந்து விளையாட்டு விழா நிரல் தயாரிப்பது எப்படி?

கேள்வி: எங்கள் பள்ளியில் (6 முதல் 10 வரை) அடுத்த வாரம் விளையாட்டு விழா. பி.இ.டி. சார் ஒரு தாளில் குறிப்பு எழுதிக் கொடுத்து, "டீச்சர், இதை டேபிளா டைப் பண்ணிக் கொடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டார். குறிப்பு இதுதான்:

"9 மணி கொடி, மார்ச் பாஸ்ட். சீஃப் கெஸ்ட் 9.30 வருவார், 11.30 கிளம்பணும். 100 மீ. ஜூ.ஆ., ஜூ.பெ., சீ.ஆ., சீ.பெ. ஹீட்ஸ் + ஃபைனல், ஹவுஸுக்கு 3 பேர். 200 ஃபைனல் மட்டும், ஹவுஸுக்கு 1. 800 சீ.ஆ. நீ.தா. நாலு பிரிவும், ஹவுஸுக்கு 2. குண்டு சீ. மட்டும், 2. ரிலே நாலு பிரிவும். கபடி ஃபைனல் சீ.ஆ., கோ-கோ ஃபைனல் சீ.பெ. 6ஆம் வகுப்பு சாக்கு. டீச்சர்ஸ் லெமன் ஸ்பூன். பேரன்ட்ஸ் வடம். சாப்பாடு. பிரைஸ். 3.30 பஸ். 200 மீ. டிராக், 6 லேன். 100 மீ. தெற்கு மதில் ஓரம். குழி தென்கிழக்கு. குண்டு வடக்கு மூலை. கபடி, கோ-கோ நடுவில்."

பிள்ளைகள் 8 மணிக்கே வந்துவிடுவார்கள். இதை நேரம், இடம் போட்டு எப்படி நிரலாக்குவது? எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்:

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இந்தக் குறிப்பு நல்ல குறிப்பு. ஹவுஸுக்கு எத்தனை பேர், எந்தப் போட்டி எந்த இடத்தில் என்று அவர் எழுதியிருக்கிறார். பல பள்ளிகளில் இது கூட இருக்காது, வெறும் போட்டிப் பெயர்கள்தான் வரும். அதனால் இதிலிருந்தே முழு நிரலும் எடுத்துவிடலாம், அவரிடம் ஒரே ஒரு விஷயம் மட்டும் கேட்க வேண்டியிருக்கும், அதைக் கீழே சொல்கிறேன்.

எல்லோரும் செய்வது என்னவென்றால், 9 மணி என்று முதல் வரியைப் போட்டுவிட்டு, குறிப்பில் இருக்கும் வரிசையிலேயே ஒவ்வொரு போட்டிக்கும் பதினைந்து பதினைந்து நிமிடமாகக் கொடுத்துக்கொண்டு போவது. பார்க்க அழகாக இருக்கும், மைதானத்தில் பத்தரை மணிக்கே உடைந்துவிடும். நேரத்தில் ஆரம்பிக்காதீர்கள். ஒவ்வொரு போட்டியும் உண்மையில் எத்தனை நிமிடம் பிடிக்கும், எந்த இடத்தை அடைத்துக்கொள்ளும், இந்த இரண்டையும் முதலில் எழுதுங்கள். கடிகார நேரம் கடைசியில்தான் வர வேண்டும்.

"100 மீ. ஹீட்ஸ் + ஃபைனல்" என்பது குறிப்பில் ஒரே வரி. ஹவுஸுக்கு 3 பேர், நான்கு ஹவுஸ், ஆக ஒரு பிரிவுக்கு 12 பேர். ஆறு லேன்தான் இருக்கிறது, அதனால் பிரிவுக்கு இரண்டு ஹீட்ஸ், நான்கு பிரிவுக்கு எட்டு. ஓட்டம் என்னவோ பதினைந்து இருபது விநாடிதான், ஆனால் பெயர் வாசித்து, லேனில் நிறுத்தி, ஒருவன் ஷூ லேஸ் கட்டி முடிக்கும் வரை காத்திருந்து, விசில் ஊதி, வந்தவர்களின் இடங்களைக் குறித்துக்கொள்வதற்குள் நான்கு நிமிடம் போய்விடும். எட்டு ஹீட்ஸுக்கு 32 நிமிடம், 35 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஹீட்டிலும் முதல் மூன்று பேர் ஃபைனலுக்கு என்று வைத்தால் சரியாக ஆறு பேர், ஆறு லேன், ஸ்டாப் வாட்ச் சண்டையே வராது. ஃபைனல் நான்கும் தலா 5 நிமிடம், ஆக 20.

நீளம் தாண்டுதல்தான் இந்தக் குறிப்பில் ஒளிந்திருக்கும் பெரிய பூதம். "நீ.தா. நாலு பிரிவும்" என்று மூன்றே சொல்லில் எழுதிவிட்டார். ஹவுஸுக்கு 2 பேர் என்றால் பிரிவுக்கு 8 பேர், ஆளுக்கு மூன்று வாய்ப்பு, மொத்தம் 24 தாவல். ஒரு தாவலுக்கு ஒரு நிமிடம் என்பது குறைந்தபட்சக் கணக்கு: ஓடி வந்து குதிக்க வேண்டும், கால் பலகையைத் தாண்டியதா என்று பார்க்க வேண்டும், டேப் பிடித்து அளக்க வேண்டும், மணலைச் சமன் செய்ய வேண்டும். 24 நிமிடத்தோடு பெயர் சரிபார்ப்பையும் சேர்த்தால் 30. நான்கு பிரிவுக்கு இரண்டு மணி நேரம், குழியோ ஒன்றுதான். முறையான போட்டிகளில் முதல் எட்டுப் பேருக்கு இன்னும் மூன்று வாய்ப்பு கொடுப்பார்கள், அதைப் பள்ளி விழாவில் நினைக்கவே வேண்டாம். ஆக உங்கள் விழாவின் நீளத்தைத் தீர்மானிப்பது மேடையும் டிராக்கும் அல்ல, அந்தத் தென்கிழக்குக் குழி. மற்றவற்றை அதைச் சுற்றித்தான் அடுக்க வேண்டும்.

குண்டு எறிதலும் அதே கணக்குதான், 8 பேர், 24 எறி, பிரிவுக்கு 30 நிமிடம், ஆனால் இரண்டே பிரிவு. 200 மீட்டரில் ஹவுஸுக்கு ஒருவர், நேராக ஃபைனல், நான்கு ஓட்டம், 20 நிமிடம். ரிலேவில் ஆட்களை அவரவர் மூலையில் கொண்டு நிறுத்துவதே பெரும்பாடு, ஓட்டத்துக்கு 8 நிமிடம் வையுங்கள், மொத்தம் 35. 800 மீட்டர் உங்கள் டிராக்கில் நான்கு சுற்று, 10 நிமிடம் போதும். கபடியை முழு நேரம் ஆட விட்டால் முக்கால் மணி நேரம் போகும், அதனால் 10 நிமிடம், 5 நிமிட இடைவெளி, மறுபடி 10 என்று சுருக்கி, டைம் அவுட்டுக்கும் சேர்த்து 35. கோ-கோவில் ஒரே ஒரு இன்னிங்ஸ், அதாவது இரண்டு அணியும் ஆளுக்கு ஒரு முறை 9 நிமிடம் விரட்டும், இடைவெளியோடு 25.

இனி இடம். உங்கள் சார் 100 மீட்டரைத் தெற்கு மதில் ஓரம் தனியாகப் போட்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 200 மீட்டர் டிராக்கில் நேராக ஓடும் பகுதி ஒரு பக்கத்துக்கு நாற்பது சொச்சம் மீட்டர்தான் வரும், மீதி வளைவு. நூறு மீட்டரை அதில் நேராக ஓட்ட முடியாது. சரி, மதில் ஓரம் ஓட்டுகிறோம். ஆனால் அந்தக் கோடு கிழக்கே போய் எங்கே முடிகிறது? தென்கிழக்கில். குழி எங்கே இருக்கிறது? தென்கிழக்கில். வேகமாக வருகிற பையன் முடிவுக் கோட்டிலேயே நின்றுவிட மாட்டான், வேகம் குறைய இன்னும் பதினைந்து இருபது மீட்டர் வேண்டும், அந்த இடத்தில்தான் நீளம் தாண்டுகிறவர்கள் வரிசையில் நின்றுகொண்டிருப்பார்கள். அதனால் காகிதத்தில் "தெற்கு நேர்கோடு", "தென்கிழக்குக் குழி" என்று இரண்டு பெயர் இருந்தாலும் இரண்டையும் ஒரே இடமாகத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். 100 மீட்டர் நடக்கும்போது நீளம் தாண்டுதல் இல்லை. சாரிடம் கேட்கச் சொன்னது இதைத்தான்: குழிக்கும் முடிவுக் கோட்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது? முப்பது நாற்பது மீட்டர் இருந்தால் இந்தக் கட்டுப்பாடு வேண்டாம், உங்களுக்கு நிறைய நேரம் மிச்சமாகும். நான் பக்கத்தில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டே நிரல் போட்டிருக்கிறேன்.

குண்டு வடக்கு மூலையில் இருப்பது நல்லது. எறியும் பக்கம் மட்டும் கயிறு கட்டி அடைத்துவிட்டால் அது யாருக்கும் குறுக்கே வராது. நடு மைதானத்தில் கபடியும் கோ-கோவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் ஒரே நேரத்தில் வைக்காதீர்கள். இந்தப் பக்க விசிலுக்கு அந்தப் பக்க ஆட்டம் நின்றுவிடும், தவிர இரண்டையும் பார்க்கத்தான் பிள்ளைகள் வருகிறார்கள்.

மூன்றாவதாக, நகர்த்த முடியாத நேரங்கள். 9.30 விருந்தினர், 11.30 அவர் கிளம்புவது, 3.30 பஸ். குறிப்பில் 9 மணிக்குக் கொடி என்று இருக்கிறது, விருந்தினர் வருவதோ 9.30. கொடியை அவர்தான் ஏற்றுவார் என்றால் 9 என்பது தவறு, 9.30தான். மார்ச் பாஸ்ட் மரியாதையும் அவருக்குத்தான். சார் 9 என்று எழுதியது அநேகமாக அணிகள் வந்து நிற்க வேண்டிய நேரமாக இருக்கும்.

விருந்தினர் இருக்கும்போது 100 மீட்டர் ஃபைனல் நடக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் கட்டாயம் சொல்வார். இங்கேதான் கணக்கு இடிக்கும். உலகத் தடகள அமைப்பின் விதிப்படி 200 மீட்டர் வரையிலான ஓட்டங்களில் ஒரு சுற்றின் கடைசி ஹீட்டுக்கும் அடுத்த சுற்றின் முதல் ஓட்டத்துக்கும் நடுவே குறைந்தது 45 நிமிட இடைவெளி இருக்க வேண்டும். பள்ளி விழாதானே என்று விட்டுவிடலாம், ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளையைப் பத்து நிமிடத்தில் மறுபடி முழு வேகத்தில் ஓட வைத்தால் தொடைப் பிடிப்புதான் மிஞ்சும். விழா தொடங்கி 10.15க்கு ஹீட்ஸ் வைத்தால் 10.50க்கு முடியும், 45 நிமிடம் சேர்த்தால் ஃபைனல் 11.35. விருந்தினரின் கார் அப்போது கேட்டைத் தாண்டியிருக்கும். அதனால் ஹீட்ஸை விழாவுக்கு முன்னாலேயே, காலை 8 மணிக்கு முடித்துவிடுவதுதான் ஒரே வழி. வெயிலும் ஏறியிருக்காது.

இப்போது அடுக்கலாம். ஒரு தாளில் நெடுக்காக ஐந்து பத்தி போடுங்கள்: டிராக், தெற்கு (நேர்கோடும் குழியும் சேர்ந்து), வடக்கு மூலை, நடு மைதானம், மேடை. இடது ஓரத்தில் 8 முதல் 3.30 வரை கால் மணிக் கட்டங்கள். பென்சிலில் முதலில் நகராதவற்றையும், அடுத்து தெற்குப் பத்தியில் வருவதையும் நிரப்புங்கள். 100 ஹீட்ஸ் 8.00 முதல் 8.35. உடனே ஜூனியர் ஆண்கள் நீளம் தாண்டுதல் 8.40 முதல் 9.10. விழா முடிந்ததும் 10.15க்கு 100 ஃபைனல். மீதி மூன்று பிரிவுக்கும் நீளம் தாண்டுதல் 10.40க்கு மேல். தெற்குப் பத்தி நிரம்பிவிட்டால் பாதி வேலை முடிந்தது, மற்றவை எல்லாம் காலியிடங்களில் தாமாகவே உட்காரும்.

ஒரே பையன் இரண்டு இடத்தில் தேவைப்படுவதுதான் அடுத்த தலைவலி. பள்ளிகளில் நன்றாக ஓடுகிறவன்தான் தாண்டுவான், எறிவான், கபடியும் ஆடுவான். அவன் பெயரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், பிரிவைப் பார்த்தால் போதும்: ஒரு பிரிவுக்கு ஒரு நேரத்தில் ஒரு போட்டிதான். ஹீட்ஸில் சீனியர் ஆண்களை முதலில் ஓடவிட்டால் 8.08க்கு அவர்கள் முடித்துவிடுவார்கள், 8.25க்குக் குண்டு எறியப் போகலாம், அப்போது தெற்கில் ஜூனியர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். சீனியர் ஆண்கள் 800 ஓடும்போது சீனியர் பெண்கள் நீளம் தாண்டலாம். ஜூனியர் பெண்களின் நீளம் தாண்டுதலை 11.15க்கு வைக்க இடம் காலியாகத்தான் தெரியும், ஆனால் 11.10 முதல் 11.25 வரை விருந்தினர் 100 மீட்டர் பதக்கம் கொடுக்கிறார், ஜூனியர் பெண்களில் ஜெயித்தவள் குழியில் நிற்பாள், மைக்கில் அவள் பெயர் மூன்று முறை கேட்கும். அதனால் 11.30க்குத் தள்ளியிருக்கிறேன். சாக்கு ஓட்டத்தையும் இப்படியே பாருங்கள், ஆறாம் வகுப்பும் ஜூனியர் பிரிவுதான், அந்த நேரத்தில் ஜூனியர் போட்டி எதுவும் இருக்கக் கூடாது.

கம்ப்யூட்டரில் போடுவதென்றால் நேராக வேர்டில் போகாதீர்கள். முதலில் கூகுள் ஷீட்ஸ் அல்லது எக்செல். A பத்தியில் போட்டி, B தொடக்கம், C நிமிடம், D முடிவு, E இடம், F பிரிவு. 100 ஹீட்ஸ் போன்றவற்றைப் பிரிவு வாரியாகத் தனித்தனி வரியில் போடுங்கள், அச்சுக்குப் போகும்போது சேர்த்துக்கொள்ளலாம். D2 இல் இதைப் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=B2+TIME(0,C2,0)
```

G2 இல் இது. ஒரே இடத்தில் இரண்டு போட்டி மோதினால் TRUE என்று காட்டும்:

```
=SUMPRODUCT((E$2:E$40=E2)*(B$2:B$40<D2-TIME(0,0,30))*(D$2:D$40>B2+TIME(0,0,30)))>1
```

நடுவில் அந்த முப்பது விநாடி எதற்கென்றால், ஒரு போட்டி 8.35க்கு முடிந்து அடுத்தது 8.35க்கே தொடங்கினால் அதைத் தப்பாக மோதல் என்று சொல்லிவிடாமல் இருக்க. இதே சூத்திரத்தில் E$2:E$40=E2 என்பதை மட்டும் F$2:F$40=F2 என்று மாற்றி H பத்தியில் போட்டால் பிரிவு மோதலும் தெரிந்துவிடும். நான் சொன்னபடி நேர்கோட்டுக்கும் குழிக்கும் E பத்தியில் "தெற்கு" என்று ஒரே பெயர் கொடுங்கள், இல்லாவிட்டால் அந்த மோதலைக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்காது. சாக்கு ஓட்டத்தை ஜூ.ஆ., ஜூ.பெ. என்று இரண்டு வரியாகப் போட்டால் பிரிவு பார்க்கலாம், ஆனால் இரண்டும் ஒரே இடம் என்பதால் G பத்தியில் TRUE வரும், அதைக் கண்டுகொள்ளாதீர்கள். பதக்கம் எல்லாப் பிரிவையும் தொடுவதால் அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

நேரத்தை நாம் எழுதுகிற மாதிரி 8.15 என்று புள்ளி வைத்து ஷீட்டில் அடிக்கக் கூடாது, அது எட்டேகால் என்று எடுத்துக்கொள்ளாது, வெறும் தசம எண்ணாக எடுத்துக்கொள்ளும். 8:15 என்று அடியுங்கள். பிற்பகல் ஒன்றே கால் மணியை 13:15 என்று அடியுங்கள், 1:15 என்று போட்டால் அதிகாலை ஒன்றே காலாகிவிடும், மோதல் சோதனை முழுவதும் பொய்யாகும். அச்சில் நம் வழக்கப்படி மாற்றிக்கொள்ளலாம்.

இதோ உங்கள் குறிப்பிலிருந்து வருகிற நிரல்:

| எண் | நேரம் | நிகழ்ச்சி | பிரிவு | இடம் |
|---|---|---|---|---|
| 1 | 8.00 – 8.35 | 100 மீ. ஹீட்ஸ் | சீ.ஆ., சீ.பெ., ஜூ.ஆ., ஜூ.பெ. | தெற்கு நேர்கோடு |
| 2 | 8.25 – 8.55 | குண்டு எறிதல் | சீ.ஆ. | வடக்கு மூலை |
| 3 | 8.40 – 9.10 | நீளம் தாண்டுதல் | ஜூ.ஆ. | தென்கிழக்குக் குழி |
| 4 | 9.10 – 9.30 | அணிகள் கூடுதல் | நான்கு ஹவுஸ் | டிராக், மேற்குப் பக்கம் |
| 5 | 9.30 – 9.40 | வரவேற்பு, கொடியேற்றம் | அனைவரும் | மேடை |
| 6 | 9.40 – 9.55 | அணிவகுப்பு | நான்கு ஹவுஸ் | டிராக் |
| 7 | 9.55 – 10.10 | ஜோதி, உறுதிமொழி, விருந்தினர் உரை | அனைவரும் | மேடை |
| 8 | 10.15 – 10.35 | 100 மீ. ஃபைனல் | சீ.ஆ., சீ.பெ., ஜூ.ஆ., ஜூ.பெ. | தெற்கு நேர்கோடு |
| 9 | 10.40 – 10.50 | 800 மீ. | சீ.ஆ. | டிராக் |
| 10 | 10.40 – 11.10 | நீளம் தாண்டுதல் | சீ.பெ. | தென்கிழக்குக் குழி |
| 11 | 10.55 – 11.10 | சாக்கு ஓட்டம் | 6ஆம் வகுப்பு | மேடை முன் |
| 12 | 11.10 – 11.25 | பதக்கம்: 100 மீ., 800 மீ. | வென்றவர்கள் | மேடை |
| 13 | 11.30 – 12.05 | கபடி ஃபைனல் | சீ.ஆ. | நடு மைதானம் |
| 14 | 11.30 – 12.00 | நீளம் தாண்டுதல் | ஜூ.பெ. | தென்கிழக்குக் குழி |
| 15 | 11.30 – 12.00 | குண்டு எறிதல் | சீ.பெ. | வடக்கு மூலை |
| 16 | 12.10 – 12.35 | கோ-கோ ஃபைனல் | சீ.பெ. | நடு மைதானம் |
| 17 | 12.10 – 12.40 | நீளம் தாண்டுதல் | சீ.ஆ. | தென்கிழக்குக் குழி |
| 18 | 12.40 – 1.20 | மதிய உணவு | அனைவரும் | வகுப்பறைகள் |
| 19 | 1.20 – 1.40 | 200 மீ. ஃபைனல் | ஜூ.ஆ., ஜூ.பெ., சீ.பெ., சீ.ஆ. | டிராக் |
| 20 | 1.45 – 2.20 | 4×100 மீ. ரிலே | ஜூ.ஆ., ஜூ.பெ., சீ.பெ., சீ.ஆ. | டிராக் |
| 21 | 2.20 – 2.30 | லெமன் ஸ்பூன் | ஆசிரியர்கள் | மேடை முன் |
| 22 | 2.30 – 2.45 | வடம் இழுத்தல் | பெற்றோர் | மேடை முன் |
| 23 | 2.45 – 3.15 | பரிசளிப்பு, சாம்பியன் ஹவுஸ் அறிவிப்பு | அனைவரும் | மேடை |
| 24 | 3.15 – 3.20 | நன்றியுரை, நாட்டுப்பண் | அனைவரும் | மேடை |

சில வரிகளின் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாராவது ஒருவர் "இதை ஏன் இங்கே வைத்தீர்கள், அங்கே மாற்றுங்கள்" என்று கண்டிப்பாக வருவார்.

200 மீட்டரிலும் ரிலேவிலும் பிரிவுகளின் வரிசை ஒன்றாகவே இருப்பதைப் பாருங்கள். இரண்டிலும் ஓடப் போவது பெரும்பாலும் அதே பிள்ளைகள். வரிசை ஒன்றாக இருந்தால் முதலில் ஓடும் ஜூனியர் ஆண்களுக்குக்கூட 1.20க்கும் 1.45க்கும் நடுவில் இருபது நிமிடத்துக்கு மேல் ஓய்வு கிடைக்கும், மற்றவர்களுக்கு இன்னும் கூடுதல். ரிலேவில் மட்டும் வரிசையைத் திருப்பினால் 1.35க்கு 200 ஓடியவன் 1.45க்குக் குச்சியைப் பிடித்து நிற்க வேண்டியிருக்கும். அதோடு சீனியர் ஆண்கள் ரிலே கடைசியில் வருகிறது, ஹவுஸ் புள்ளிகள் அதுவரை தீராமல் இருக்கும், கூட்டம் கலையாது.

ஆசிரியர் போட்டியும் பெற்றோர் வடமும் ரிலேவுக்குப் பிறகு இருப்பது சும்மா வேடிக்கைக்கு இல்லை. 2.20க்கு ரிலே முடிந்தபின்தான் ஹவுஸ் மொத்தப் புள்ளி கூட்ட முடியும், சான்றிதழில் பெயர் எழுத வேண்டும், கோப்பையில் ரிப்பன் கட்ட வேண்டும். மேடைக்குப் பின்னால் இரண்டு ஆசிரியர்கள் இருபத்தைந்து நிமிடம் இதில் மூழ்கியிருக்கும்போது முன்னால் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதற்குப் புள்ளி இல்லாத போட்டிதான் சரி. அந்த இரண்டு ஆசிரியர்களை லெமன் ஸ்பூனுக்குப் பெயர் கொடுக்க விடாதீர்கள்.

நெருக்கமான நேரம் 11.30 முதல் 12 வரை. மூன்று இடத்தில் மூன்று போட்டி நடக்கிறது. குழியில் பலகையைப் பார்க்க ஒருவர், டேப்பும் பதிவும் ஒருவர், மணலுக்கு இரண்டு மாணவர்கள். குண்டுக்கும் இரண்டு ஆசிரியர்கள். கபடிக்கு பி.இ.டி. சார், ஸ்கோர் எழுத ஒருவர், கோட்டைப் பார்க்க இரண்டு பேர். ஆசிரியர் ஏழெட்டுப் பேர் கூடக் கைக்கு வர மாட்டார்கள் என்றால் சீனியர் பெண்கள் குண்டு எறிதலை முந்தைய நாள் மாலையே முடித்துவிடுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

விருந்தினர் தாமதமாக வந்தால் என்ன செய்வது? வருவார், அதை எழுதியே வைத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடம் தாமதம் என்று எல்லா வரியையும் இருபது நிமிடம் தள்ளினால் 3.30 பஸ் போய்விடும். அதற்குப் பதிலாக, 9.30க்கு அவர் வரவில்லையென்றால் அணிகளை நிழலில் உட்கார வைத்துவிட்டு 11ஆம் எண் சாக்கு ஓட்டத்தை முன்னால் இழுத்து அப்போதே நடத்திவிடுங்கள், அதற்கு விருந்தினர் தேவையில்லை. பிற்பாடு அந்தக் கால் மணி நேரம் உங்கள் கையில் இருக்கும். இன்னும் தாமதமானால் 800 மீட்டரைச் சாப்பாட்டுக்கு முன்னால் எங்கேயாவது செருகலாம் என்று தோன்றும், அதை மட்டும் செய்யாதீர்கள், உச்சி வெயிலில் நான்கு சுற்று ஓட விடக் கூடாது. அதற்குப் பதில் உரையைச் சுருக்கச் சொல்லித் தலைமையாசிரியரைக் கேளுங்கள். சாப்பாட்டு நேரத்திலும் பத்து நிமிடம் எடுக்கலாம், அதற்கு மேல் எடுத்தால் சாப்பிட்ட வயிற்றோடு 200 ஓட வேண்டும், அதுவும் ஆகாது.

அச்சுக்குப் போகும்போது ஒரே நிரலை இரண்டு வடிவத்தில் எடுங்கள். அழைப்பிதழில் பெற்றோருக்குப் போவது சுருக்கமாக இருக்கட்டும்: 9.30 தொடக்கம், 10.15 நூறு மீட்டர், 11.30 கபடி, 1.45 ரிலே, 2.45 பரிசு, இவ்வளவு போதும். எட்டு மணி ஹீட்ஸை அதில் போட்டால் சில பெற்றோர் எட்டு மணிக்கே வந்து நிற்பார்கள், நாற்காலி போட்டிருக்காது. மைதானத்துக்கான முழு நிரலில் மேலே இருக்கும் ஐந்து பத்தியோடு "கூட வேண்டிய நேரம்", "பொறுப்பு" என்று இரண்டு பத்தி சேருங்கள். கூட வேண்டிய நேரம் என்பது போட்டிக்குப் பத்து நிமிடம் முன்னால். 8 மணி ஹீட்ஸுக்கு மட்டும் 7.50க்குப் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள், அதனால் அந்த 24 சீனியர்களுக்கும் முதல் நாளே வகுப்பில் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் முதல் போட்டியே பத்து நிமிடம் பின்தங்கும். மைக் பிடிப்பவருக்கு நிகழ்ச்சி எண்தான் முக்கியம். "எண் 14, ஜூனியர் பெண்கள் நீளம் தாண்டுதல், குழிக்கு வரவும்" என்று சொன்னால் மைதானத்தில் தாள் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும்.

நிரல் இரண்டு பக்கத்துக்கு நீண்டால் வேர்டில் முதல் வரியைத் தேர்ந்தெடுத்து Repeat Header Rows கொடுத்துவிடுங்கள், இரண்டாம் பக்கத்தில் எந்தப் பத்தி எது என்று தேட வேண்டியிருக்காது. அச்சகத்துக்கு அனுப்பும்போது வேர்டு ஃபைலை மட்டும் அனுப்பாமல் பி.டி.எஃப். ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். பல அச்சகங்கள் இன்னும் யூனிகோடு இல்லாத பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் அடிக்கின்றன, அந்த மாற்றத்தில் கொம்பும் காலும் இடம் மாறும், "சீ.பெ." எங்கேயாவது "சீ.ஆ." ஆகியிருந்தால் கூட அவர்களுக்குத் தெரியாது. ப்ரூஃப் வந்ததும் நேரப் பத்தியையும் பிரிவுப் பத்தியையும் பி.இ.டி. சாரை வாசிக்கச் சொல்லி நீங்கள் உங்கள் ஷீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.